ஆறும் ஏழும் பெங்களூரில் படித்த பையனுக்கு நேட்டிவிட்டி வாங்கிய கதை

எங்களுக்குச் சொந்த ஊர் ஈரோடு மாவட்டத்தில், சென்னிமலைக்குப் பக்கம். போர்வை, ஜமுக்காளம் வியாபாரத்துக்காகப் பெங்களூரில் ஒன்பது வருஷம் இருந்தோம். பையன் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஏழு வரை அங்கேதான் படித்தான். எட்டாம் வகுப்புக்கு ஊருக்கே திரும்பி அரசுப் பள்ளியில் சேர்த்தோம். பன்னிரண்டு வரை அங்கேயே படித்து நீட் எழுதினான். மதிப்பெண் வந்த பிறகுதான், ஆறும் ஏழும் அங்கே படித்த அந்த இரண்டு வருஷம் எங்களை எவ்வளவு அலைய விடும் என்று தெரிந்தது.

நீட் நாடு முழுக்க ஒரே தேர்வு. அரசு மருத்துவக் கல்லூரி எம்.பி.பி.எஸ். இடங்களில் 15 சதவீதம் அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போகும். அதற்கு எந்த மாநிலத்துக்காரர் என்று யாரும் கேட்பதில்லை. மீதி 85 சதவீதம் மாநில ஒதுக்கீடு. அதைச் சென்னையில் உள்ள மருத்துவக் கல்வித் தேர்வுக் குழு நடத்துகிறது. நீங்கள் இந்த மாநிலத்தவர்தானா என்ற கேள்வி அங்கேதான் வருகிறது.

அந்தக் குழு வெளியிடும் தகவல் தொகுப்பேட்டில் அதற்கு இரண்டு வழி சொல்லியிருக்கிறார்கள். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை ஏழு வருஷமும் தமிழ்நாட்டிலேயே படித்திருந்தால், இருப்பிடச் சான்றிதழ், அதாவது நாம் நேட்டிவிட்டி என்று சொல்வது, தேவையில்லை. அந்த ஏழு வருஷத்துக்கும் பள்ளிகளின் படிப்புச் சான்று இருந்தால் போதும். அதில் ஒரே ஒரு வருஷம் வெளி மாநிலத்தில் படித்திருந்தாலும் நேட்டிவிட்டி வேண்டும். பெற்றோர் இந்த ஊர்க்காரர்கள்தான் என்பதற்கான ஆவணங்களும் கூடவே வேண்டும்.

நான் ஏமாந்தது இங்கேதான். இரண்டு வருஷம் முன்னால் என் அக்கா பெண் பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பித்தாள். அவளும் ஏழு வரை கர்நாடகத்தில் படித்தவள்தான், ஆனால் அவளிடம் நேட்டிவிட்டி கேட்கவில்லை. அதை நம்பி நானும் சும்மா இருந்துவிட்டேன். பொறியியலுக்கு எட்டு முதல் பன்னிரண்டு வரை பார்க்கிறார்கள், மருத்துவத்துக்கு ஆறிலிருந்து பார்க்கிறார்கள். ஒரே மாநிலம்தான், ஆனால் எண்ண ஆரம்பிக்கும் வகுப்பு வேறு. எட்டில் ஊருக்கு வந்த பிள்ளைக்கு ஒரு கதவு தானாகத் திறக்கிறது, இன்னொன்றுக்குச் சாவி தேட வேண்டியிருக்கிறது.

பெங்களூரில் ஏழு வருஷம் படித்தானே, கர்நாடக ஒதுக்கீட்டில் போகலாமே என்று மச்சான் கேட்டார். அதையும் பார்த்தேன். அங்கே ஒன்று முதல் பன்னிரண்டுக்குள் ஏழு வருஷம் படித்திருக்க வேண்டும் என்பது சரிதான். ஆனால் பத்தாம் வகுப்பையோ, நம் பன்னிரண்டாம் வகுப்புக்குச் சமமான இரண்டாம் பி.யு.சி.யையோ கர்நாடகத்தில் தேறியிருக்கவும் வேண்டும். இவன் இரண்டும் இங்கே தேறியவன், அதனால் அந்த வழி அடைபட்டது. திறந்திருந்தாலும் இரண்டு பக்கமும் காலை வைத்திருக்க மாட்டேன். இரண்டு மாநிலத்தில் சொந்த மாநிலத்தவர் என்று உரிமை கோரினால் விண்ணப்பமே தள்ளுபடியாகும். அந்தப் பிரச்சினை 2017இல் சென்னை உயர் நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கிறது.

எனக்கு அதிகம் வலித்தது இன்னொன்று. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. ஐந்து வருஷம் அரசுப் பள்ளியில் படித்தவன் என்பதால் அதில் வருவான் என்று ரொம்ப நம்பியிருந்தோம். அதற்கும் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். ஆறும் ஏழும் பெங்களூரில் தனியார் பள்ளி, அதனால் அந்தப் பேச்சு அன்றோடு முடிந்தது. ஊர் திரும்புவது என்று முடிவெடுத்த பிறகு இரண்டு வருஷம் தள்ளிப்போட்டது நான்தான். அது இன்னும் மனதில் கிடக்கிறது.

சரி, நேட்டிவிட்டிக்கு வருகிறேன். இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பித்தேன். நான்காம் நாள் குறுஞ்செய்தி வந்தது, சான்றிதழும் வந்தது. வீட்டுக்கு வந்து நிதானமாகப் படித்தால், இந்த முகவரியில் வசிக்கிறார் என்று எழுதியிருந்தது. அது வசிப்பிடச் சான்றிதழ். மையத்தில் வேறு சேவையைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். பெயர் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதால் இது எளிதில் நடந்துவிடும். வசிப்பிடம் என்றால் இப்போது எங்கே இருக்கிறீர்கள் என்பது. நேட்டிவிட்டி என்றால் எந்த ஊரைச் சேர்ந்தவர் என்பது. தேர்வுக் குழு கேட்பது இரண்டாவதைத்தான். விண்ணப்பிக்கும்போதே திரையில் REV-102 என்ற எண்ணும் நேட்டிவிட்டி என்ற சொல்லும் இருக்கிறதா என்று நீங்களே எட்டிப் பார்த்துவிடுங்கள்.

மறுபடியும் போட்டேன். இந்த முறை கிராம நிர்வாக அலுவலர் கூப்பிட்டார். “ஏனுங்க, உங்க ஆதார்ல பெங்களூர் விலாசம் இருக்குதுங்களே, இந்த ஊர்க்காரருன்னு நான் எப்படிங்க எழுதறது?” என்று கேட்டார். கேள்வி நியாயமானதுதான், அவர் புதிதாக வந்தவர். நான் ஆதாரையும் புகைப்படத்தையும் மட்டும்தான் பெரிதாக நினைத்து ஏற்றியிருந்தேன்.

அன்று சாயங்காலம் எங்க ஐயன் டிரங்குப் பெட்டியைத் திறந்தார். சென்னிமலையில் நான் பத்தாம் வகுப்பு படித்த பள்ளியின் மாற்றுச் சான்றிதழும் மதிப்பெண் பட்டியலும் அதில் இருந்தன. என் சாதிச் சான்றிதழ், தோட்டத்துப் பட்டா, ஐயன் பேரில் கட்டிய கிஸ்து ரசீதுகளும் கிடைத்தன. குடும்ப அட்டையை நாங்கள் பெங்களூருக்கு மாற்றாமல் இங்கேயே வைத்திருந்தோம், அது பெரிய துணையாக இருந்தது. முதல் பிரசவம் என்று என் மனைவி தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். அதனால் பையனின் பிறப்புச் சான்றிதழும் பெருந்துறைப் பக்கத்தில் பதிவானதாக இருந்தது.

எல்லாவற்றையும் காட்டியதும் அலுவலர், “இது போதுமுங்க” என்றார். பக்கத்துத் தோட்டக்காரர்கள் இரண்டு பேரிடமும் விசாரித்தார். பிறகு வருவாய் ஆய்வாளர், அதற்கப்புறம் வட்டாட்சியர் அலுவலகம். மொத்தம் ஒன்பது நாள் ஆனது. விண்ணப்பம் திறந்திருக்கும் காலமே குறைவு, அதில் ஒன்பது நாள் என்பது பெரிய காலம். நேட்டிவிட்டி வாங்க நீட் முடிவு வரும்வரை காத்திருக்கத் தேவையே இல்லை. பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கும்போதே வாங்கியிருக்கலாம்.

இதற்கிடையில் பெங்களூர்ப் பள்ளியிலும் ஒரு வேலை இருந்தது. ஆறும் ஏழும் எந்த வருஷம், எந்த ஊரில் படித்தான் என்று படிப்புச் சான்று வேண்டும். அதை மறைத்துவிட்டு எட்டிலிருந்து மட்டும் காட்டலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். விண்ணப்பத்தில் ஆறு முதல் பன்னிரண்டு வரை ஒவ்வொரு வகுப்புக்கும் பள்ளி, ஊர், வருஷம் நிரப்ப வேண்டும். பொய்யாக நிரப்பினால் இடம் கிடைத்த பிறகும் பறிபோகும். ஒரு நாள் ரயிலேறிப் போய்ச் சான்றை வாங்கி வந்தேன்.

பதிவேற்றும்போது நேட்டிவிட்டியுடன் பையனின் பிறப்புச் சான்றிதழ், என் பத்தாம் வகுப்புச் சான்றிதழ், குடும்ப அட்டை, இரண்டு பள்ளிகளின் படிப்புச் சான்றுகள் எல்லாவற்றையும் சேர்த்தோம். பொதுத் தரவரிசைப் பட்டியலில் இவன் பெயரும் வந்தது. தொகுப்பேடு ஒவ்வொரு வருஷமும் புதிதாக வரும். அந்த வருஷத்து ஏட்டில் என்ன இருக்கிறதோ அதுதான் கணக்கு.

சின்னவள் எங்களோடு ஊருக்கு வந்தபோது மூன்றாம் வகுப்பு. அவளுக்கு ஆறிலிருந்து எல்லா வருஷமும் இங்கேதான். ஆறாம் வகுப்புக்கான படிப்புச் சான்றை இந்த வருஷமே பள்ளியில் கேட்டு வாங்கி, ஐயனின் பெட்டியில் வைத்திருக்கிறேன்.