கீவே நடுவில்தான் இருக்கிறதா? 0.05-ஐ நான் தப்பாகப் படித்த கதை

மெஷினிஸ்ட் டிரேடு செய்முறைத் தேர்வுக்கு ஒரு மாதம் முன்பு, நாகர்கோவிலில் நான் படித்த ஐ.டி.ஐ.யில் மாதிரித் தேர்வு வைத்தார்கள். 30 மி.மீ. சாஃப்டில் 8 அகலத்துக்கு, 4 ஆழத்துக்கு ஒரு கீவே, அதாவது சாவிக்கட்டை உட்காரும் காடி, வெட்ட வேண்டும். வெட்டி அளந்துவிட்டு, "0.04 தான் சார் விலகியிருக்கு, 0.05 வரை போகலாமே" என்று தைரியமாகச் சொன்னேன். சார் படத்தை என் பக்கம் திருப்பி, "அந்த 0.05 எதோட அகலம்?" என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

படத்தில் இருந்தது மூன்று அறைப் பெட்டி. முதல் அறையில் மூன்று படுக்கைக் கோடுகள், நடுக்கோடு கொஞ்சம் நீளம், அதுதான் சிமெட்ரி. அடுத்து 0.05, கடைசியில் எதை ஆதாரமாக வைத்து அளக்க வேண்டும் என்று காட்டும் டேட்டம் எழுத்து 'ஏ'. பெட்டியின் அம்புக்குறி 8 என்ற அளவின் அம்புக்கு நேராக நின்றது. அப்படி நின்றால் பேச்சு கீவேயின் சுவரைப் பற்றியது இல்லை, இரண்டு சுவருக்கும் நடுவில் இருக்கும் தளத்தைப் பற்றியது. அதேபோல டேட்டம் முக்கோணம் 30 விட்டத்தின் அளவுக்கு நேராக இருந்ததால், 'ஏ' என்பது சாஃப்டின் மேற்பரப்பு இல்லை, அதன் அச்சு.

0.05 என்பது அச்சின் இரண்டு பக்கமும் சமமாகப் பிரிந்த ஒரு பட்டையின் மொத்த அகலம். கீவேயின் நடுத்தளம் அதற்குள் அடங்க வேண்டும். அப்படியானால் ஒரு பக்கம் 0.025 தான் விலகலாம். என்னுடைய 0.04 எங்கே நிற்கிறது, பாருங்கள்.

அளக்கும் முறையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், தேர்வில் செய்யச் சொல்வது இதைத்தான். சர்ஃபேஸ் பிளேட்டில் வி-பிளாக், அதில் சாஃப்ட். கீவே பக்கவாட்டில், உங்கள் வலது கையைப் பார்த்தபடி இருக்கட்டும். கீவேக்குள் இறுக்கமாக நுழையும் ஒரு ஸ்லிப் கேஜைச் செருகி, பத்துப் பதினைந்து மி.மீ. வெளியே நீட்டி வையுங்கள். நீளம் குறைந்தால் மட்டம் பார்க்க முடியாது. டயலை அதன் மேல் முகத்தில் சாஃப்ட் பக்கத்திலிருந்து வெளிமுனை வரை ஓட்டிக்கொண்டே சாஃப்டை மயிரிழை மயிரிழையாகத் திருப்புங்கள். முள் அசையாமல் நின்றதும் டயலைப் பூஜ்யத்தில் வைத்துவிட வேண்டும்.

அப்புறம் சாஃப்டை 180 பாகை சுற்றுங்கள். கீவே இடது பக்கம் வந்துவிடும், கேஜின் மறுமுகம் மேலே வரும். ஸ்டாண்டின் உயரத்தைத் தொடாமல், திரும்பவும் மட்டம் பார்த்துப் படியுங்கள். எனக்கு 0.08 காட்டியது. முதலில் நடுத்தளம் அச்சுக்கு மேலே இருந்த அளவுக்கு இப்போது கீழே போகிறது. அதனால் டயல் விலகலை இரண்டு மடங்காகக் காட்டும். பாதி, அதாவது 0.04, உண்மையான விலகல். ஒன்று, பாதியை 0.025-ஓடு ஒப்பிடுங்கள்; இல்லை, முழு வித்தியாசத்தை 0.05-ஓடு ஒப்பிடுங்கள். பாதியை எடுத்து 0.05-ஓடு ஒப்பிட்டதுதான் நான் செய்த கூத்து.

கேஜின் கனமும் வி-பிளாக்கின் உயரமும் இந்தக் கழித்தலில் அடிபட்டுப் போகும். சாஃப்ட் மூன்று பக்கம் புடைத்தது போல வட்டம் கெட்டிருந்தால் அது அடிபடாது, அந்தக் குறையும் கீவே கணக்கில் ஏறிவிடும். அதனால் முதலில் சாஃப்டை வி-பிளாக்கிலேயே சுற்றி, டயலால் வட்டத்தைப் பாருங்கள். கீவேயின் இரண்டு முனையிலும் தனித்தனியாக டயல் வைக்க வேண்டும். ஒரு முனை 0.01, மறுமுனை 0.06 என்றால் கீவே சாய்வாக ஓடியிருக்கிறது.

வம்புக்கென்றே ஒரு கேள்வி வரலாம். டேட்டம் அச்சு மட்டும்தான் என்றால், அந்தப் பட்டையை அச்சைச் சுற்றிக் கொஞ்சம் திருப்பியும் வைக்கலாமே? வைக்கலாம். அப்படிக் கணக்கிடுபவர்கள் டயல் வித்தியாசத்தை ஆழத்தால் பெருக்கி, விட்டத்தில் ஆழம் போக மீதியால் வகுப்பார்கள்: 0.08 × 4 ÷ 26, சுமார் 0.012. அந்தக் கணக்கில் என் துண்டுகூடத் தேறிவிடும்! ஆனால் சாஃப்டில் இன்னொரு காடியோடு கோணம் கட்டியிருந்தால் அப்படித் திருப்ப முடியாது. நேர் ஒப்பீட்டில் தேறியது இதிலும் தேறும் என்பதால் எங்கள் சார் கடுமையானதையே பிடித்துக்கொண்டார்.

சரி, 0.04 எங்கிருந்து வந்தது? எண்ட் மில்லைச் சாஃப்டின் பக்கத்தில் மெல்லிய காகிதம் வைத்துத் தொட்டு, சாஃப்டின் ஆரம் 15-உம் எண்ட் மில்லின் ஆரம் 4-உம் சேர்த்து 19 மி.மீ. நகர்த்தினேன். காகிதத்தின் கனத்தைக் கூட்டவில்லை. பக்கத்து மெஷின்காரன், "லே மக்கா, அந்தப் பேப்பரை மைக்ரோமீட்டர்ல வையி" என்றான். வைத்தேன், 0.04. அடுத்த துண்டுக்கு 19.04 நகர்த்தினேன், பேக்லாஷ் வராமல் ஒரே திசையில். டயல் வித்தியாசம் 0.02 வந்தது.