பட்டறைக்காரர் கேட்ட கேள்வி

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வங்கிக் கிளையில் பல வருடம் நகைக்கடன் பார்த்தேன். 2008 அக்டோபர் கடைசியில், கொலுசுப் பட்டறை வைத்திருந்த ஒருவர் வந்து உட்கார்ந்தார். "ஏனுங்க சார், அமெரிக்காவுல மந்தம் வந்தா தங்கம் ஏறும்னு சொன்னீங்களே. இப்ப இறங்குதுங்களே?"

சொன்னது நான்தான். 2006-இலேயே அமெரிக்க அரசின் இரண்டு வருடக் கடன் பத்திரம், பத்து வருடப் பத்திரத்தைவிட அதிக வட்டி தர ஆரம்பித்திருந்தது. நீண்ட காலத்துக்குப் பணம் போட்டால்தான் கூடுதல் வட்டி என்பது வழக்கம். அது கவிழ்ந்தால், இன்றைய வட்டி நிலைக்காது, சீக்கிரம் குறையும் என்று சந்தை எதிர்பார்க்கிறது என்று பொருள். மந்த பயம் அங்கிருந்துதான் கிளம்புகிறது.

நான் கவனிக்காமல் விட்டது, இதில் தங்கத்துக்கு உந்துதல் எங்கே என்பதை. தங்கம் வட்டி தராது. வட்டி குறையும்போதுதான் அதை வைத்திருப்பதன் நஷ்டம் குறைகிறது. 2007 செப்டம்பரில் அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் 5.25 சதவீதத்திலிருந்து வட்டியைக் குறைக்கத் தொடங்கியபோது தங்கம் அவுன்ஸ் 700 டாலருக்குச் சற்று மேல். 2008 மார்ச்சில் 1,000 டாலரைத் தாண்டியது. அப்புறம் லேமன் பிரதர்ஸ் என்ற பெரிய அமெரிக்க முதலீட்டு வங்கி விழுந்தது. எல்லோருக்கும் கையில் டாலர் தேவைப்பட்டது, தங்கத்தையும் விற்றார்கள். அக்டோபர் கடைசியில் விலை 710 டாலர் அளவுக்கு வந்துவிட்டது.

அவருக்கு ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினேன். மார்ச்சில் 100 ரூபாய் மதிப்புள்ள நகைக்கு 75 ரூபாய் கடன் கொடுத்தோம் என்று வைத்துக்கொள்வோம். டாலர் விலையை மட்டும் பார்த்தால் நகை 71 ரூபாய்க்கு வந்திருக்கும், அதாவது கடனுக்கும் கீழே. ஆனால் ஒரு டாலர் சுமார் 40 ரூபாயிலிருந்து 49 ரூபாய்க்கு மேல் போயிருந்தது. அதனால் நகை 87 ரூபாயில் நின்றது. நம் ஊர் நகைக்கடனை அன்று காப்பாற்றியது ரூபாயின் வீழ்ச்சிதான். அவர் நகையை விற்கவில்லை, வட்டியைக் கட்டிப் புதுப்பித்துக்கொண்டு போனார்.

பயமே தங்கத்தை ஏற்றும் என்பதற்கு எதிரான உதாரணமும் உண்டு. 1980 ஜனவரியில் 850 டாலரைத் தொட்ட தங்கம், 1981-82 மந்தத்தின்போது 300 டாலர் பக்கம் இறங்கியது. பணவீக்கத்தைவிட வட்டியை வெகுவாக உயர்த்தி வைத்திருந்தார் ஃபெடரல் ரிசர்வ் தலைவர் பால் வோல்கர். டாலரைப் போட்டு வைத்தாலே நல்ல வருமானம், தங்கம் எதற்கு?

2023-இல் அந்தப் பட்டறைக்காரரின் மகன், மந்தம் வந்தால் தங்கம் ஏறுமா என்ற கேள்வியோடு வந்தார். 2022 ஜூலையிலிருந்து இரண்டு வருடப் பத்திர வட்டி பத்து வருட வட்டியைத் தாண்டிக் கவிழ்ந்தே கிடந்தது, ஃபெடரல் ரிசர்வின் வட்டியும் ஏறிக்கொண்டிருந்தது. என் கணக்குப்படி தங்கம் இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. 2022-இல் உலகின் மத்திய வங்கிகள் ஆயிரம் டன்னுக்கு மேல் தங்கம் வாங்கியிருந்தன, 2023-இலும் நிறைய வாங்கிக்கொண்டிருந்தன. அதையும் சேர்த்துக்கொண்டுதான் அந்தத் தம்பிக்குப் பதில் சொன்னேன்.