கிளாக்கர் ஐயாவுக்கு ஒரு பிரியாவிடை மடல்

கல்லூரி அலுவலகத்திலிருந்து மலர்க் குழுவுக்கு ஒரு மடல் வந்தது. கிளாக்கர் ஐயா ஓய்வு பெறுகிறார், அவருக்காக நாங்கள் சேர்ந்து எழுதியது இது, அவரிடம் வேலை பழகிய பழையவர்களும் பார்த்துத் திருத்தித் தங்கள் பெயர்களைச் சேர்க்கலாம் என்று கூடவே ஒரு குறிப்பு. ஐயாவை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. பிந்தி வந்த நாட்களில் அந்த யன்னலுக்கு முன்னால் நிற்காதவர் நம்மில் யார்? ஆனால் யன்னலுக்கு உள்ளே இருந்து அவரைப் பார்த்தவர்கள் கொஞ்சப் பேர்தான். கடைசிப் பரீட்சை முடிந்து வேலை இல்லாமல் திரிந்த காலத்தில் தற்காலிகமாக உள்ளே போனவர்களில் நானும் ஒருவன்.

மடலை வாசித்தேன். கடமை, கண்ணியம், நேரந்தவறாமை எல்லாம் வரிசையாக இருந்தன. "ஈடுசெய்ய முடியாத இழப்பு" இருந்தது. "தாங்கள் இல்லாமல் இந்த அலுவலகம் இருண்டுவிடும்" என்று முடிந்தது. மனிதர் உயிரோடுதானே இருக்கிறார், எதற்கு இந்த அஞ்சலி என்று தோன்றியது. அதைவிடப் பெரிய சிக்கல் கடைசி வரியில். வந்தவனையெல்லாம் பழக்கிவிட்ட ஒருவரிடம் போய், நீங்கள் போனால் வேலை நின்றுவிடும் என்று சொல்வது பாராட்டு இல்லை. நீங்கள் பழக்கியது ஒன்றும் எங்களுக்கு ஏறவில்லை என்று சொல்வதற்குச் சமம்.

ஐயா பழக்கிய விதம் இனிமையானது என்று நான் சொல்ல மாட்டேன். வணிகப் பாடத்தில் நல்ல புள்ளி எடுத்த மிதப்போடு போனவன் நான். பேரேட்டைத் தருவார் என்று பார்த்திருந்தால், ஒரு பென்சிலையும் தூசி பிடித்த பழைய கோவைக் கட்டையும் தூக்கி மேசையில் வைத்தார். "தம்பி, இதுக்கெல்லாம் பக்க எண் போடும்." அவ்வளவுதான். ஒவ்வொரு தாளிலும் வலது மேல் மூலையில் எண். பழைய கடிதம் கீழே, புதியது மேலே, ஆகவே கடைசித் தாளில் தொடங்க வேண்டும். இடையில் ஒரு தாள் தப்பினால் அதற்கு மேல் உள்ள அத்தனையையும் அழித்து மறுபடி போட வேண்டும். அதுவும் யன்னலோரத்து மேசையில். நேற்றுவரை எனக்கு "அண்ணா, அண்ணா" என்று வணக்கம் சொன்ன சின்னப் பெடியன்கள் வெளியே வரிசையில் நின்று நான் ஒன்று, இரண்டு போடுவதை வேடிக்கை பார்த்தார்கள். அதில் ஒருவன், "அண்ணா இப்பதான் எண் பழகிறார்" என்றான். அந்தச் சிரிப்பு இன்றைக்கும் காதில் இருக்கிறது. வாரக்கணக்காக எனக்கு அதுதான் வேலை.

எண் போடுவதன் பயன் பிறகுதான் விளங்கியது. எண் இருந்தால் ஒரு தாளை யாரும் சத்தமில்லாமல் உருவ முடியாது. குறிப்பு எழுதும்போது "பக்கம் 14ஐப் பார்க்க" என்று சொல்லிவிடலாம், கதை எழுத வேண்டியதில்லை. அதைவிட, எண் போடப் போட ஒவ்வொரு கடிதமும் கண்ணில் படுகிறது. கட்டு முடிந்தபோது யாருக்கு எப்படி எழுதுவது, பதில் வராவிட்டால் எப்போது நினைவூட்டுவது என்று யாரும் சொல்லித்தராமலே தெரிந்திருந்தது. இதையெல்லாம் யோசித்துத்தான் ஐயா தந்தாரா, அல்லது அந்த அழுக்கு வேலைக்கு வேறு ஆள் கிடைக்கவில்லையா? இரண்டாவதுதான் என்பது என் எண்ணம். பழக்கினார் என்பது அப்போதும் பொய்யாகாது.

ஐயாவின் கைவண்ணம் தெரிந்தது பரீட்சை மீதி பொருந்தாத ஒரு மாலையில். பேரேட்டு மீதிகளை இரண்டு பக்கமாக எழுதிக் கூட்டிப் பார்க்கும் பட்டியல் அது. வரவுப் பக்கமும் செலவுப் பக்கமும் 540ஆல் வேறுபட்டன. நாங்கள் முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு பதிவாகச் சரிபார்க்கத் தொடங்கினோம். ஐயா பேரேட்டை மூடச் சொன்னார். "முதலில அந்த 540ஐப் பாரும்."

540 என்ற தொகையே காசேட்டில் இருந்து, பேரேட்டுக்கு வராமல் விடுபட்டிருக்கிறதா? இல்லை. அப்படியானால் பாதி, 270. ஒரு தொகை பக்கம் மாறி ஏறினால் வித்தியாசம் இரண்டு மடங்காகத் தெரியும். 270உம் எங்கும் இல்லை. அப்புறம் ஒன்பதால் வகுக்கச் சொன்னார். மீதியின்றி 60 வந்தது. பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் வித்தியாசம் எப்போதும் ஒன்பதால் வகுபடும். 60 வந்தால் மாறியவை நூறும் பத்தும், அந்த இரண்டு இலக்கங்களுக்கும் இடையே வித்தியாசம் ஆறாக இருக்க வேண்டும். ஆகவே 8உம் 2உம், 7உம் 1உம், இப்படிப்பட்ட சோடிகளை மட்டும் தேடினால் போதும். கொஞ்ச நேரத்தில் அகப்பட்டது: காசேட்டில் 1,820, பேரேட்டில் 1,280.

"உடன சந்தோசப்படாதேயும்" என்றார். 600ஐ 60 என்று எழுதினாலும் இதே 540தான் வரும், அதுவும் ஒன்பதால் வகுபடும். அதையும் பார்த்து, இல்லை என்று தெரிந்த பிறகே சிவப்பு மையால் திருத்த விட்டார். இரண்டு பக்கமும் பொருந்திவிட்டால் எல்லாம் சரி என்றும் நினைக்கக் கூடாது. நூலகக் கணக்குக்குப் போக வேண்டியது விளையாட்டுக் கணக்கில் ஏறியிருந்தால் பரீட்சை மீதி அதைக் காட்டாது. முழுக்கவே எழுதாமல் விட்டதையும் காட்டாது. அந்த 1,280ஐ யார் எழுதியது என்று அவர் கேட்கவில்லை. கையெழுத்தைப் பார்த்தால் அவருக்குத் தெரிந்திருக்கும்.

ஆகவே மடலைத் திருத்தினோம். கடமையும் கண்ணியமும் போயின. அவரிடம் எதைப் பழகினோம் என்று ஆளுக்கு ஒரு வரி எழுதச் சொன்னோம். "திகதி போடாத கடிதத்தைத் திருப்பித் தந்துவிடுவீர்கள்" என்றார் ஒருவர். "பற்றுச்சீட்டில் தொகையை எழுத்தில் எழுதிவிட்டுத்தான் எண்ணில் எழுத வேண்டும்" என்றார் இன்னொருவர். 540ஐ மூன்று பேர் எழுதியிருந்தார்கள், மூன்றையும் அப்படியே விட்டுவிட்டோம். அவருடைய வாய் பொல்லாதது என்பதையும் ஒரு வரியில் வைத்தோம், அது இல்லாவிட்டால் யாருக்கு எழுதியது என்றே தெரியாது. இருண்டுவிடும் என்ற இடத்தில், "இந்த மாதப் பரீட்சை மீதியை உங்களைக் கேட்காமலே பொருத்திவிட்டோம்" என்று இப்போதைய அலுவலர்கள் எழுதினார்கள். மடலில் எனக்குப் பிடித்த வரி அதுதான்.

பெயர்களைப் பதவி வரிசையில் போட வேண்டாம், யார் யாரைப் பழக்கினாரோ அந்த வரிசையில் போடலாம் என்பது என் யோசனை. ஐயா பழக்கியவர், அவருக்குக் கீழே அவர் பழக்கியவர், அதற்குக் கீழே அவரிடம் பழகியவர். சில பெயர்களுக்குக் கீழே பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. இடம் காணாது, சுருக்குங்கள் என்று மலர்க் குழு கேட்டது. மறுத்துவிட்டோம்.

"அடுத்த வருசம் காசேட்டை நீர்தான் எடுக்க வேணும்" என்று ஐயா எனக்குச் சொல்லியிருந்தார். அதற்குள் பயணம் சரிவந்துவிட்டது. போகிற அன்று என்ன முடிந்தது, என்ன பாக்கி, எந்தத் திறப்பு எங்கே என்று முழுவதையும் எழுதி வாங்கிக்கொண்டுதான் விட்டார். அந்தத் தாளை யாரிடம் கொடுத்தார், காசேட்டை யார் எடுத்தார் என்று நான் விசாரித்ததில்லை. இந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். எனக்குப் பின்னால் வந்தவர் ஏழு பேரைப் பழக்கியிருக்கிறார். என் பெயருக்குக் கீழே யாரும் இல்லை.