எப்போது நிறுத்துவது என்று எழுதாத கடிதம்

உணவியல் நிபுணராக நான் எழுதும் டிஸ்சார்ஜ் கடிதங்களில், குடும்ப டாக்டர் தேடிப் படிப்பது இரண்டு மூன்று வரிகளைத்தான். என்ன கொடுக்க வேண்டும், எதற்காக, எப்போது நிறுத்த வேண்டும். முதல் இரண்டும் பெரும்பாலான கடிதங்களில் இருக்கும். மூன்றாவது இருக்காது. அதனால்தான் சத்து பானம் மருந்துச் சீட்டில் மாதாமாதம் தொடர்கிறது, எதற்கு ஆரம்பித்தோம் என்று யாருக்கும் நினைவில்லாத காலம் வரை.

இடுப்பு எலும்பு முறிவு அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய ஓர் அம்மாவுக்கு எழுதிய கடிதத்தைச் சொல்கிறேன். ஆறு மாதத்துக்கு முன் 54 கிலோ இருந்தவர், டிஸ்சார்ஜ் ஆகும்போது 46. ஏறக்குறைய 15 சதவீத இழப்பு. 10 சதவீதத்தைத் தாண்டினாலே கவலைப்பட வேண்டியதுதான். அவருடைய தேவை நாளுக்குச் சுமார் 1400 கலோரி, 55 கிராம் புரதம். வார்டில் சாப்பிட்டதைக் குறித்து வைத்துப் பார்த்தால் 850 கலோரி, 33 கிராம்தான் வந்தது. சத்து பானத்தின் 200 மில்லி பாட்டில் ஒன்றில் 300 கலோரி, 12 கிராம் புரதம். இரண்டு பாட்டில் அந்தக் குறையை நிரப்பிவிடும். "நாளுக்கு இரண்டு" என்பதற்குப் பின்னால் இருக்கும் கணக்கையும் எழுதிவிட்டால், சாப்பாடு கூடும்போது எதைக் குறைப்பது என்று டாக்டருக்கே தெரியும்.

எடைக்குப் பக்கத்தில் இன்னொரு வரியும் எழுதினேன்: "இரண்டு கால்களிலும் வீக்கம் இருக்கிறது." அந்த வரி இல்லாவிட்டால் சிக்கல். வீக்கம் வடிந்து இரண்டு வாரத்தில் 44 கிலோ காட்டினால், பானம் பலன் தரவில்லை என்று டாக்டர் நினைத்து மூன்றாவது பாட்டிலை எழுதிவிடுவார். வீக்கம் வடிந்த பிறகு எடுக்கும் எடையை வைத்தே மேற்கொண்டு ஒப்பிடும்படி கேட்டுக்கொண்டேன்.

குடிக்கும் நேரத்தையும் விடவில்லை. சாப்பாட்டுக்குச் சற்று முன் குடித்தால் பசி அடங்கிவிடும். பாட்டில் காலியாகும், தட்டு அப்படியே இருக்கும். காலைக்கும் மதியத்துக்கும் நடுவில் ஒன்று, இரவு படுக்கும் முன் ஒன்று. எடை ஏறவில்லை என்றால், மூன்றாவது பாட்டிலுக்கு முன் மகளிடம் கேட்க வேண்டியது, அம்மா உண்மையில் எத்தனை பாட்டில் முடிக்கிறார் என்பது. இனிப்பு திகட்டி, பாதியில் வைத்துவிடுகிறவர்கள் நிறையப் பேர்.

அப்புறம் நிறுத்தும் வரி. நான்கு வாரத்தில் ஒரு முறை எடை பார்க்க வேண்டும். மூன்று வேளையும் ஓரளவு முழுதாகச் சாப்பிட்டு, எடை ஏறவோ நிலைக்கவோ செய்தால் ஒரு பாட்டிலாகக் குறைக்கலாம். அடுத்த நான்கு வாரமும் எடை இறங்கவில்லை என்றால் நிறுத்திவிடலாம். பானத்தை ஒழுங்காகக் குடித்தும் எடை இறங்கிக்கொண்டே போனால் பாட்டிலைக் கூட்டிப் பயனில்லை. வேறு காரணம் தேட வேண்டும், எங்களிடமும் திருப்பி அனுப்ப வேண்டும். இந்தப் பத்தியை மகளுக்கும் ஒரு பிரதி எடுத்துக் கொடுத்தேன். மருந்துச் சீட்டைப் புதுப்பிக்கக் கேட்டுப் போகப்போவது அவர்தானே.