வாட்ஸ்அப் பிராட்காஸ்டில் நான் பட்ட பாடு: 212 பேருக்கு அனுப்பி 2 ஆர்டர்

வீட்டிலேயே ரொட்டியும் கேக்கும் செய்து விற்கிறேன். தெரிந்தவர்கள் சொல்லிச் சொல்லித்தான் ஆர்டர் வந்துகொண்டிருந்தது. "பிராட்காஸ்ட் போடுங்கள், எல்லோருக்கும் ஒரே நேரத்தில் போய்விடும்" என்று சொன்னார்கள். போட்டேன். அடுத்த மூன்று நாட்கள் எப்படிப் போயின என்று நினைத்தால் இப்போதும் மனது வலிக்கிறது. இதே வேலையில் இறங்குகிறவர்கள் யாரும் அந்த மூன்று நாட்களைத் திரும்பப் படக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

பட்டியல் உருவாக்குவது ஒன்றும் பெரிய வேலை இல்லை. ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். என் போனில் இருந்த எண்களில் 212-ஐ ஒரே மூச்சில் சேர்த்தேன். பழைய வாடிக்கையாளர்கள், பிள்ளையின் பள்ளித் தோழர்களின் பெற்றோர், ஒரு முறை குழாய் சரிசெய்ய வந்தவர், யாரையும் விடவில்லை. தப்பு அங்கேயே தொடங்கிவிட்டது.

வெள்ளிக்கிழமை இரவு 9.40-க்கு அனுப்பினேன். 31 வரிச் செய்தி. "வணக்கம் அன்பு வாடிக்கையாளர்களே!!!" என்று தொடங்கி, வீட்டுச் சமையலின் அருமை, கலப்படத்தின் கேடு, நான் எவ்வளவு சுத்தமாகச் செய்கிறேன் என்பதெல்லாம் போய், 19-ஆவது வரியில்தான் என்ன விற்கிறேன் என்பதே வந்தது. எந்த நாளுக்கு என்பது கடைசிக்கு முந்தின வரியில். நடுவில் "உடனே முந்துங்கள்!" என்று இரண்டு இடத்தில். வரிக்கு வரி பொம்மைகள் வேறு.

நிறையப் பேர் கேட்பார்கள் என்று நம்பி இருபது கேக்குக்குச் சாமான் வாங்கி வைத்திருந்தேன். சனிக்கிழமை காலை வந்தது இரண்டே ஆர்டர்.

செய்தி சரியில்லை என்று அப்போது தோன்றவில்லை. போய்ச் சேரவில்லையோ என்றுதான் சந்தேகம். அனுப்பிய செய்தியை அழுத்திப் பிடித்து Info பார்த்தேன். Read by, Delivered to இரண்டையும் கூட்டினால் 71 பேர். மீதி 141 பேருக்குப் போகவே இல்லை.

காரணம் இதுதான். சாதாரணப் பிராட்காஸ்ட் பட்டியலில், உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் செய்தி போகும். நீங்கள் அவர்கள் எண்ணை வைத்திருந்தால் போதாது. அனுப்பும்போது எந்த எச்சரிக்கையும் வராது, எல்லோருக்கும் போனது போலத்தான் தெரியும். Info பார்த்தால்தான் உண்மை தெரியும். ஆர்டர் வரவில்லையே என்று கலங்குவதற்கு முன்னால் முதலில் அதைப் பாருங்கள்.

இதைத் தெரிந்துகொண்ட பிறகாவது நான் நிதானித்திருக்க வேண்டும். சாமான் வீணாகிவிடுமே என்ற பதற்றத்தில், போகாத 141 பேருக்கும் அதே செய்தியை ஐந்து ஐந்து பேராக ஃபார்வேர்ட் செய்ய உட்கார்ந்துவிட்டேன். அவர்கள் போனில் என் பெயரே கிடையாது. தெரியாத எண்ணிலிருந்து 31 வரி வந்தால் யாருக்குத்தான் பிடிக்கும்? மேலேயே பிளாக் செய்யும் பொத்தான் வேறு நிற்கும். "யார் நீங்கள்?" என்று பதினோரு பேர் கேட்டார்கள். ஒருவர், "என் எண் உங்களுக்கு எப்படிக் கிடைத்தது?" என்றார். அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. எத்தனை பேர் பேசாமல் பிளாக் செய்தார்கள் என்பது எனக்குத் தெரியப்போவதில்லை. இப்படிப் பலர் பிளாக் செய்து புகாரும் கொடுத்தால் எண்ணையே முடக்கிவிடுவார்கள். தொழிலுக்கு இருக்கிற ஒரே எண் அதுதான் என்றால் யோசித்துக்கொள்ளுங்கள்.

பக்கத்து வீட்டுத் தங்கை சொன்னதுதான் எனக்கு உறைத்தது. "அக்கா, உங்கள் கேக் எனக்குப் பிடிக்கும். ஆனால் என்றைக்கு, எப்போது சொல்ல வேண்டும் என்று கண்டுபிடிக்கவே மூன்று தடவை படித்தேன். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று மூடிவிட்டேன்." வாங்க நினைத்தவளே மூடிவிட்டாள்.

அந்தப் பட்டியலை அழித்தேன். புதுப் பட்டியலை ஒவ்வொருவராகக் கேட்டுத்தான் சேர்த்தேன். ஆர்டர் வாங்க வரும்போது நேரிலேயே கேட்பேன்: "வாரம் ஒரு செய்தி மட்டும், புதன்கிழமை சாயங்காலம் அனுப்புவேன். வேண்டுமா? வேண்டுமென்றால் என் எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் வராது." எவ்வளவு நாளைக்கு ஒரு முறை என்பதையும் எந்த நாள் என்பதையும் சொன்னதும் பலர் தயங்காமல் சரி என்றார்கள். நின்ற இடத்திலேயே எண்ணையும் சேமித்தார்கள். ஐந்து வாரத்தில் 58 பேர். சிறிய எண்ணிக்கைதான், ஆனால் முதல் செய்திக்கு Info பார்த்தபோது 56 பேருக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. அன்றைக்கு எனக்கு வந்த நிம்மதி கொஞ்சநஞ்சமில்லை.

செய்தியையும் முழுவதும் மாற்றினேன். போன் பூட்டியிருக்கும்போது திரையில் தெரிவது முதல் வரியும் கொஞ்சமும்தான். அங்கே "வணக்கம் அன்பு வாடிக்கையாளர்களே" என்று இருந்தால் படிக்கிறவருக்கு எந்தச் சேதியும் போய்ச் சேரவில்லை. என்ன, என்றைக்கு, எப்போதுக்குள் என்பது முதல் வரியிலேயே இருந்தால், இந்த வாரம் வேண்டாம் என்பவர் திறக்காமலேயே விட்டுவிடலாம். அவருக்கு எரிச்சல் வராது, அடுத்த வாரமும் பட்டியலில் இருப்பார். இதை நான் முக்கியமாக நினைக்கிறேன். வாங்காதவரின் நேரத்தை மிச்சம் பிடிக்கிற செய்திதான் தொல்லையாகத் தெரிவதில்லை.

முதலில் இரண்டு பொருளுக்கும் 1, 2 என்று எண் போட்டிருந்தேன். அதிலும் ஒரு சிக்கல். ஒருவர் வெறுமனே "2" என்று அனுப்பினார். இரண்டாவது பொருள் என்று எடுத்துக்கொண்டு கேக் செய்தேன். அவர் கேட்டது இரண்டு ரொட்டி. வாசலில் நின்றவரிடம் கேக்கை நீட்டியபோது அவர் முகம் போன போக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. அன்றிலிருந்து பொருளுக்கு எழுத்து, அளவுக்கு எண். இப்போது நான் அனுப்புவது இதுதான்:

*சனிக்கிழமை ரொட்டி, கேக். வியாழன் இரவு 8 மணிக்குள் சொல்லுங்கள்*

அ. கோதுமை ரொட்டி, ஒன்று (விலை). முட்டை, பால் இல்லை.
ஆ. வாழைப்பழ கேக், அரை கிலோ (விலை). முட்டை, கோதுமை, வால்நட் உண்டு.

இரண்டும் சேர்த்து 24 மட்டும் செய்கிறேன்.
வேண்டுமென்றால் "அ 2" அல்லது "ஆ 1" என்று அனுப்பினால் போதும்.
சனி காலை 10 முதல் 12-க்குள் வாங்கிக்கொள்ளலாம்.

இந்தச் செய்தி இனி வேண்டாம் என்றால் "வேண்டாம்" என்று அனுப்புங்கள், எடுத்துவிடுகிறேன்.

முதல் வரியின் இரு பக்கமும் நட்சத்திரக் குறி போட்டால் தடித்த எழுத்தில் தெரியும். அந்த ஒரு வரிக்கு மட்டும் போடுங்கள். எல்லா வரியும் தடித்திருந்தால் யாரோ கத்துவது போல இருக்கும்.

விலையை எழுதாமல் "விலை போன வாரம் போலத்தான்" என்று ஒரு வாரம் விட்டுப் பார்த்தேன். அந்த வாரம் புதிதாகச் சேர்ந்த நான்கு பேரும் விலை கேட்டார்கள். பதில் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு பேர் ஆர்வம் போய்விட்டது. பொருளுக்குப் பக்கத்திலேயே விலை இருக்க வேண்டும். "விலைக்குத் தனியாகக் கேளுங்கள்" என்பது இன்னும் மோசம், அதை மட்டும் எழுதாதீர்கள்.

முட்டை, பால், கொட்டைகள் உண்டா இல்லையா என்று எழுதுவதை அலங்காரமாக நினைக்க வேண்டாம். கொட்டை ஒத்துக்கொள்ளாத பிள்ளை இருக்கும் வீட்டில் அந்த ஒரு சொல்தான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். செய்முறையில் ஒரு பொருள் மாறினால் அந்த வாரச் செய்தியிலும் மாற்றியாக வேண்டும். போன வாரச் செய்தியை அப்படியே எடுத்து அனுப்பும்போது இதுதான் தவறிப்போகும்.

"24 மட்டும்" என்பது உண்மையாகவே 24. என் அடுப்பு ஒரு காலையில் அவ்வளவுதான் தாங்கும். உண்மையான அளவைச் சொன்னால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. 24 முடிந்த பிறகு கேட்டவருக்கு "தீர்ந்துவிட்டது, அடுத்த வாரம் முதலில் உங்களுக்கு எடுத்து வைக்கவா?" என்று தனியாகப் பதில் போடுவேன். தீர்ந்துவிட்டது என்று எல்லோருக்கும் இன்னொரு செய்தி போடுவதில்லை.

ஒரு வாரம் ஆசைப்பட்டு வியாழன் மாலை 6 மணிக்கு "இன்னும் இரண்டு மணி நேரம்தான்" என்று நினைவூட்டல் அனுப்பினேன். கூடுதலாக ஒரு ஆர்டர் வந்தது. கூடவே இரண்டு "வேண்டாம்" வந்தன. வாரம் ஒன்று என்று வாக்குக் கொடுத்துவிட்டு மீறியது நான்தான், அவர்கள் மேல் தப்பில்லை. இப்போது நினைவூட்டலை ஸ்டேட்டஸில் போடுகிறேன். பார்க்க நினைக்கிறவர் பார்ப்பார், யார் போனும் அடிக்காது. அவர் எண் உங்களிடமும் உங்கள் எண் அவரிடமும் இருந்தால்தான் ஸ்டேட்டஸ் தெரியும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

"வேண்டாம்" என்று வந்தால் அன்றே பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, "சரி, எடுத்துவிட்டேன். எப்போது வேண்டுமானாலும் நேரடியாகக் கேளுங்கள்" என்று ஒரு வரி அனுப்புகிறேன். ஏன் என்று கேட்பதில்லை. அப்படிப் போனவர்களில் ஒருவர் போன மாதம் தானாகவே எழுதி, பிறந்தநாளுக்கு மூன்று கேக் வாங்கினார்.

ஆர்டர் அனுப்பியவர்களுக்கு வியாழன் இரவே உறுதி சொல்லிவிடுகிறேன். பிசினஸ் செயலியில் குயிக் ரிப்ளை இருக்கிறது. /ok என்று அடித்தால், "குறித்துக்கொண்டேன். சனி காலை 10 முதல் 12-க்குள் வாருங்கள்" என்ற வரி வருகிற மாதிரி வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால் "அ 2" என்பதை மட்டும் கையால் சேர்ப்பேன். என்ன குறித்தேன் என்று திருப்பிச் சொன்னால், தப்பிருந்தால் அவரே திருத்திவிடுவார். ரொட்டிக்குப் பதில் கேக் நீட்டுகிற நிலை அதன் பிறகு வரவில்லை.

மாதம் ஒரு முறை Info-வைத் திறந்து, தொடர்ந்து மூன்று வாரம் செய்தி சேராதவர்களைப் பட்டியலிலிருந்து எடுக்கிறேன். எண் மாற்றியிருக்கலாம், என் எண்ணை அழித்திருக்கலாம், பிளாக்கும் செய்திருக்கலாம். எதுவாக இருந்தாலும் வேறு வழியில் துரத்திப் போவதில்லை. இந்த வாரம் பட்டியலில் 83 பேர். 22 ஆர்டர் வந்திருக்கிறது, வியாழன் இரவு 8 மணிக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது.