அப்படியே செய்துவிடுவோம்

தேர்வு மதிப்பெண்களை முடிவு செய்யும் தேர்ச்சிக் குழுக் கூட்டத்தின் ஒலிப்பதிவு. அதன் 47ஆவது நிமிடத்தில் தலைவர், “சரி, அப்படியே செய்துவிடுவோம். அடுத்தது” என்கிறார். நான் இன்னும் அந்த வரியிலேயே நிற்கிறேன்.

இளநிலை வணிகவியல், அடக்கவிலைக் கணக்கியல் தாள். பகுதி அ-வில் 10 இரண்டு மதிப்பெண் வினாக்கள், பத்தும் கட்டாயம். ஏழாவது வினா செயல்முறைக் கணக்கிலிருந்து கேட்கப்பட்டிருந்தது. பாடத்திட்டம் திருத்தப்பட்டபோது அந்த அலகை நீக்கிவிட்டார்கள். வினா எடுத்தவர் பழைய பாடத்திட்டத்தை வைத்துக்கொண்டு எடுத்திருக்கிறார். தேர்ச்சிக் குழுவில் முதலில் பேசியவர் வெளித்தேர்வாளர்: “கேள்வியே பாடத்தில் இல்லை. எல்லாருக்கும் இரண்டு மதிப்பெண் போட்டுவிடுங்கள்.” துறையைச் சேர்ந்த ஒருவர் மறுத்தார்: “எண்ணைக்கூட எழுதாதவனுக்கு எப்படிப் போடுவது சார்? எழுதியவர்களுக்கு மட்டும் போடலாம்.” அந்த நேரத்தில்தான் தேநீர் வந்தது. டம்ளர்கள் மேசையில் வைக்கப்படும் ஓசை, யாரோ சர்க்கரை கேட்கும் குரல், அதன்பின் தலைவரின் “அப்படியே.”

கூட்டக் குறிப்பு எழுதுவது அந்தப் பருவத்தில் என் கூடுதல் பொறுப்பு. ஒலிப்பதிவைக் கேட்டு மூன்று பத்திகளில் எழுத வேண்டும்: எந்த மதிப்பெண் மாற்றப்பட்டது, என்ன காரணம், எவை மறுபரிசீலனைக்கு அனுப்பப்பட்டன. முதுகலைத் தாள்களில் சிரமமில்லை. இரு மதிப்பீட்டாளர்களுக்கு இடையே 15 மதிப்பெண்ணுக்கு மேல் வேறுபாடு இருந்தால் மூன்றாம் மதிப்பீடு. விதியே முடிவு செய்துவிடுகிறது, நான் எண்ணை எழுதினால் போதும். மனிதர்கள் பேசித் தீர்க்கும் இடங்களில்தான் கை நிற்கும். பேசுகிறவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு பேசுகிறார்கள். தலையசைப்பும் கைகாட்டலும் முடிவில் பாதி. ஒலிப்பதிவில் அந்தப் பாதி இல்லை.

நான் தமிழாசிரியர். அகரச் சுட்டு சேய்மையைக் குறிக்கும் என்று ஆண்டுதோறும் வகுப்பில் சொல்லிக்கொடுப்பவன். அந்தக் கணக்குப்படி ‘அப்படியே’ என்பது தொலைவில் நிற்கும் வெளித்தேர்வாளரின் யோசனையைத்தான் குறிக்க வேண்டும். ஆனால் பேச்சில் யாரும் அப்படி அளந்து பேசுவதில்லை. கடைசியாகக் காதில் விழுந்ததை ஏற்பதற்கே ‘அப்படியே’ என்கிறோம். அந்த இரவு பதினோரு முறை கேட்டேன். தலைவரின் குரல் யாரை நோக்கித் திரும்பியிருக்கிறது என்று ஒலியின் அளவை வைத்துக் கண்டுபிடிக்க முயன்றேன். முடியவில்லை.

முந்தைய ஆண்டுகளின் கூட்டக் குறிப்புகளைப் புரட்டினேன். இதுபோன்ற இடங்களில் ஒரே வாய்பாடு: “விடையளிக்க முயன்ற அனைவருக்கும் முழு மதிப்பெண் வழங்கத் தீர்மானிக்கப்பட்டது.” அதை அப்படியே எடுத்து எழுதினேன். காரணப் பத்தியில், “வினா நடப்புப் பாடத்திட்டத்தில் இல்லாமை.” மறுபரிசீலனைப் பத்தியில் இந்தத் தாளுக்கு எதிரே ஒரு சிறு கோடு.

இதில் என் தவறு என்ன என்று எனக்கு நானே பலமுறை வாதாடியிருக்கிறேன். மரபான சொல்லைத்தான் எழுதினேன். வரைவு எல்லா உறுப்பினர்களிடமும் போனது. எல்லாரும் கையெழுத்திட்டார்கள், ஒருவரும் திருத்தவில்லை. இது என் நியாயம். ஆனால் அந்தக் கையெழுத்துகள் எப்படி விழுந்தன என்பதையும் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கடைசிப் பக்கத்தைப் புரட்டி, பேனாவைத் திறந்து, முடித்துவிட்டார்கள். வெளித்தேர்வாளருக்குப் பஸ் பிடிக்க வேண்டிய அவசரம்.

மறுநாள் மதிப்பெண் பதியும் ஊழியர் ஒரு விடைத்தாளைக் கொண்டுவந்தார். மொத்தம் 212 தாள்கள். 181 பேர் ஏழாவது வினாவுக்கு ஏதோ எழுதியிருந்தார்கள், அவர்களுக்கு இரண்டு மதிப்பெண் போட்டாயிற்று. மீதி 31 பேரில் மூவர் 28, 29 மதிப்பெண்ணில் நின்றார்கள். 75க்கு 30 எடுத்தால்தான் தேர்ச்சி. அந்த மூவரில் ஒருவரின் தாள் அது, 28 மதிப்பெண். டம்மி எண் மட்டும்தான் தெரியும், பெயர் தெரியாது.

“சார், இது முயற்சியா?” என்று கேட்டார்.

ஆறாவது விடைக்குக் கீழே ‘7’ என்று எழுதி ஒரு புள்ளி வைத்திருந்தது. அதற்கு நேரே ஒன்றுமில்லை. பிறகு அந்த ஏழின் குறுக்கே அளவுகோலால் இழுத்ததுபோல ஒரே நேர்க்கோடு. அடுத்த வரியில் எட்டு தொடங்கியது. கையெழுத்து சீராக, அவசரமில்லாமல் இருந்தது.

மறுநாள் மாலை முடிவுகள் வெளியாக வேண்டும். “எண் மட்டும்தானே இருக்கிறது, அதையும் அடித்திருக்கிறார். முயற்சி இல்லை” என்றேன். அவர் தலையசைத்துவிட்டுப் போய்விட்டார்.

ஏழாவது வினாவுக்கு விடை என்ற பெயரில் எழுதப்பட்டவற்றை நானும் சில தாள்களில் பார்த்தேன். ஒருவர் வினாவையே திரும்ப எழுதியிருந்தார். இன்னொருவர் வேறு அலகிலிருந்து எதையோ எழுதியிருந்தார். அவர்களுக்கு இரண்டு மதிப்பெண். இந்த மாணவர் எண்ணை எழுதி, யோசித்து, இது நமக்கு நடத்தியதில்லை என்று கண்டு அடித்திருந்தால், அந்த வினாவைப் பற்றிச் சரியாகச் சொன்னவர் அவர்தான். குழு கூடி ஒரு மணி நேரம் பேசிக் கண்டதை அவர் தேர்வறையிலேயே கண்டிருக்கிறார். அதற்குக் கிடைத்தது சுழியம். அல்லது அவருக்குத் தெரியாமல் அடித்திருக்கலாம். அந்தக் கோட்டிலிருந்து எனக்கு எதுவும் தெரியவில்லை.

மூன்றாவது பத்தி இதற்காகத்தான் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. “ஏழாவது வினா: முடிவு பதிவில் தெளிவாக இல்லை, தலைவரின் உறுதி தேவை” என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். அப்போது எனக்கு அது தோன்றாமல் இல்லை. குழு அனுப்பியவற்றை மட்டும் எழுத வேண்டிய பத்தியில் குறிப்பெழுதுபவன் தன் சந்தேகத்தை எழுதலாமா என்ற தயக்கம். காது சரியில்லாதவனாகத் தெரிவேனோ என்ற கூச்சமும் இருந்தது, அதை மறைப்பதில் பயனில்லை.

ஒரு மாதம் கழித்துத் தலைவரைத் தாழ்வாரத்தில் பார்த்தபோது கேட்டேவிட்டேன். “சார், அந்த ஏழாவது கேள்வி... எல்லாருக்குமா, எழுதியவர்களுக்கு மட்டுமா, நீங்கள் எதைச் சொன்னீர்கள்?”

அவர் சற்று நேரம் யோசித்தார். “எந்தத் தாள்? நினைவில்லையே. நீங்கள் என்ன எழுதியிருக்கிறீர்களோ அதுதானே முடிவு?” என்றார், அன்பாகத்தான்.

அதைக் கேட்டுப் பல நாள் நிம்மதியாக இருந்தேன். பிறகு அதே பதில்தான் தூக்கத்தைக் கெடுத்தது. அவர் சொன்னதை நான் எழுதியதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவரோ நான் எழுதியதைத் தான் சொன்னதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்.

இப்போது கூட்டத்திலேயே குறுக்கிட்டுக் கேட்கிறேன். “எல்லாருக்குமா சார், எழுதியவர்களுக்கு மட்டுமா?” சிலருக்கு எரிச்சல். சென்ற முறை வேறொரு தாளில் அப்படிக் கேட்டதும் தலைவர் ஒரு கணம்கூடத் தயங்கவில்லை: “எழுதியவர்களுக்கு மட்டும்தான், இதில் என்ன சந்தேகம்?” என்றார். அப்படியென்றால் அன்றும் அதைத்தான் சொல்லியிருப்பார் என்று மனம் உடனே பற்றிக்கொண்டது. ஆனால் அன்று அந்த அறையில் வெளித்தேர்வாளர் இருந்தார், இம்முறை இல்லை.

ஒலிப்பதிவு இப்போது கிடையாது. கையெழுத்து முடிந்ததும் அழித்துவிடுவது அலுவலக வழக்கம், அழித்ததும் நான்தான். டம்மி எண்ணுக்குரிய பதிவெண் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரின் உறையில் இருக்கிறது. கேட்டால் காரணம் சொல்ல வேண்டும். இன்றுவரை கேட்கவில்லை.