பத்து ஸ்வரம், நாலு பிக்

ச ரி க, ப த ப, க ரி ச, த. மோகனத்தில் ஒரு சின்ன வரி, கடைசி 'த' மட்டும் கீழ் ஸ்தாயி. பாடினால் வழுக்கிக்கொண்டு போகும். அதையே கிதாரில் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் பிக் போட்டு வாசித்தால் டைப்ரைட்டர் அடிப்பதுபோல் கேட்கிறது. பிக்கைக் குறைத்து இடது கை விரல்களாலேயே ஸ்வரங்களைச் சேர்க்க எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் கணக்கெழுதும் அண்ணன். சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறித்தான் வகுப்புக்குப் போவேன்.

"முதலில் பாடு தம்பி. எங்கே மூச்சு எடுக்கிறாயோ அங்கே மட்டும் பிக்" என்றார். பாடிப் பார்த்ததில் மூன்று மூன்றாகப் பிரிந்தது. ஆக, பத்து ஸ்வரத்துக்கு நாலு பிக்.

C-யை சட்ஜமாக வைத்துக்கொண்டோம். மூன்றாம் தந்தியில் 5-ஆம் ஃப்ரெட்டை ஆள்காட்டி விரலால் அழுத்தி ஒரு பிக்: ச. அந்த விரலை எடுக்காமல் மோதிர விரலை 7-இல் இறக்கினால் ரி. இதுதான் ஹாமர் ஆன். பலத்தைவிட வேகம்தான் முக்கியம். விரல் நுனி ஃப்ரெட் கம்பிக்குச் சற்றுப் பின்னால் விழ வேண்டும், தள்ளி விழுந்தால் 'டப்' என்று மொட்டையாகக் கேட்கும். அங்கிருந்து அழுத்தம் விடாமல் 9 வரை ஸ்லைடு: க. கர்நாடக சங்கீதத்தில் ஜாரு என்பார்களே, அந்த வகைதான். கண் விரலைப் பார்க்கக் கூடாது, போய்ச் சேரவேண்டிய 9-ஐப் பார்க்க வேண்டும். வழியில் அழுத்தம் தளர்ந்தால் சத்தம் அங்கேயே செத்துவிடும். என்னுடையது அகவுஸ்டிக், மூன்றாம் தந்தி கம்பி சுற்றியது, அதனால் ஸ்லைடில் கொஞ்சம் கீச்சென்ற சத்தம் வரும். அதை நான் பொருட்படுத்துவதில்லை.

உண்மையான வேலை 'ப த ப'வில்தான். இரண்டாம் தந்தியில் நடுவிரல் 8, சுண்டுவிரல் 10. பிக் போட்டு ப, சுண்டுவிரல் ஹாமரில் த, அதே விரலைப் புல் ஆஃப் செய்து மறுபடி ப. விரலை நேரே மேலே தூக்கினால் திரும்பி வரும் 'ப' காதிலேயே விழாது. "தூக்காதே, கீழே கிள்ளி விடு" என்பார் அண்ணன். விரல் தந்தியைத் தரைப் பக்கமாகச் சற்று இழுத்துவிட்டுத்தான் விலக வேண்டும், அதாவது அந்த விரலே பிக் ஆகிறது. சரியாக வருகிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு: வலது கையை மடியில் வைத்துவிட்டு, இடது கையால் மட்டும் த-ப, த-ப என்று கேட்க வைக்க வேண்டும்.

இப்படி இழுக்கும்போது இரண்டு தொல்லை வரும். நடுவிரல் உறுதியாக இல்லையென்றால் தந்தி முழுவதும் கீழே இழுபட்டு, சுருதி ஏறிவிடும். இன்னொன்று, விலகும் சுண்டுவிரல் முதல் தந்தியைத் தட்டிவிடும். அதற்கு ஆள்காட்டி விரலைச் சற்றுப் படுத்து, முதல் தந்தியை லேசாகத் தொட்டபடி வைத்துக்கொண்டேன். அது 7-ஆம் ஃப்ரெட் பக்கம் இருப்பதால் 8-இல் அழுத்தியிருக்கும் 'ப'வுக்கு ஒரு பாதிப்பும் இல்லை.

இறங்கும்போது மூன்றாம் தந்தி 9-இல் பிக்: க. மோதிர விரல் 7-க்குச் சறுக்கும்போதே ஆள்காட்டியும் 7-இலிருந்து 5-க்குக் கூடவே சறுக்க வேண்டும். புல் ஆஃப் செய்யும் நேரத்தில் 'ச' அங்கே அழுத்தித் தயாராக இருந்தால்தான் கேட்கும். அப்புறம் நாலாம் தந்தி 7-இல் ஒரு பிக் போட்டால் த.

விரல் பழகியபின் தாளம்தான் படுத்தியது. ஹாமர் அவசரப்பட்டு முன்னால் வந்துவிடும், மூன்று ஸ்வரமும் சமமாக நிற்காது. மெட்ரோனோமை 60-இல் வைத்து ஒரு தட்டுக்கு மூன்று ஸ்வரம், அதாவது திஸ்ரம். முதலில் எல்லாவற்றுக்கும் பிக் போட்டு ஒரு சுற்று, உடனே நாலு பிக்கில் ஒரு சுற்று. இரண்டையும் போனில் பதிந்து கேட்டால் எந்த ஸ்வரம் ஓடுகிறது என்று தெரிந்துவிடும். எனக்கு எப்போதும் 'ரி'தான் ஓடியது. பிக் விழும் ஸ்வரம் மற்றவற்றை அமுக்கிக்கொண்டு கேட்டால், பிக்கை மென்மையாகப் போட வேண்டும். ஹாமரை ஓங்கி அடிப்பதில் பயனில்லை.

மழை மாதங்களில் மலையிலேயே கிதாரை விட்டுவைத்தால் ஈரத்தில் மரம் உப்பி, தந்தி ஃப்ரெட்டிலிருந்து உயர்ந்துவிடுகிறது. தந்தியும் சீக்கிரம் துருப்பிடிக்கிறது. அந்த நிலையில் சுண்டுவிரல் ஹாமர் திடீரென்று வராமல் போனால் விரலைக் குறை சொல்வதற்கு முன், பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் தந்தியின் உயரத்தை ஒருமுறை பார்த்துவிடுவேன்.